விபத்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன்

பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் நுனி போன ஒரு தம்பி, கட்டுப் போட்ட கையோடு என்னிடம் வந்தான். விபத்து நடந்தது வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டில். "செலவை நாங்க பாத்துக்கறோம், இ.எஸ்.ஐ. எதுக்கு?" என்று தனியார் கிளினிக்கில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சீழ் பிடித்தபோதுதான் பதிவே எழுதினார்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் கேட்ட முதல் கேள்வி: நாலு நாள் எங்கே போனது?

இ.எஸ்.ஐ.யில் விபத்துக்கு இரண்டு தாள்கள். படிவம் 11 கம்பெனியில் இருக்கும் விபத்துப் புத்தகம். படிவம் 12, தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதலாளி அனுப்ப வேண்டிய அறிக்கை.

புத்தகத்தில் தகவல் சொன்னவரின் கையெழுத்து அல்லது கைரேகை இருக்கும். நான் இன்ன நேரத்தில், இன்ன வேலை செய்யும்போது அடிபட்டேன் என்று சொன்னதற்கு அது அத்தாட்சி. பெரும்பாலான ஏமாற்று இங்கேதான். காலிப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் நிரப்புவார்கள். அந்தத் தம்பியின் பக்கத்தில் 'சொல்லாமல் மெஷினைத் தொட்டார்' என்று இருந்தது. அவன் அதைப் படிக்கவே இல்லை. படித்துவிட்டுப் போடுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய சூப்பர்வைசரின் கையெழுத்து, தகவல் வந்ததையும் பதிவு செய்ததையும் மட்டுமே சொல்கிறது. அவர் விபத்தைப் பார்த்தார் என்று பொருளில்லை. பார்த்தவர்களுக்கு இரண்டு சாட்சிப் பெயர்கள் எழுத இடம் உண்டு. காலியாக விடாதீர்கள்.

படிவம் 12-ல் முதலாளி தனக்குத் தெரிந்தவரை விவரம் சரி என்கிறார். அடிபட்டவர் விதியை மீறினாரா, உத்தரவில்லாமல் செய்தாரா என்று அதில் ஒரு கேள்வி வரும். அங்கே 'ஆம்' என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு என்று மிரட்டுவார்கள். உண்மையில், கம்பெனி வேலைக்காகவே செய்திருந்தால் அதனால் மட்டும் சலுகை போய்விடாது. ஆனால் 'வீட்டில் விழுந்தேன்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அந்த ஒரு வரி பிறகு உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

டாக்டரின் சான்று காயத்தையும், எத்தனை நாள் வேலை செய்ய முடியாது என்பதையும்தான் சொல்கிறது. அது வேலையில் பட்ட காயமா என்பதை முடிவு செய்வது கிளை அலுவலகம். இது தெரியாமல் டாக்டர் சீட்டோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். அங்கே ஏற்றுக்கொண்டால்தான் தினச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அடிபட்டாலும் இந்தத் தொகை உண்டு, சந்தா கட்டிய நாள் கணக்கு இதற்குத் தேவையில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகுதான் உங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் வாங்கினார்கள் என்றால் விசாரணை நிச்சயம். வருகைப் பதிவேட்டு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பக்கத்தில் சாட்சி இடம் இரண்டும் காலி. பக்கத்து பிரஸ்ஸில் நின்றவர், நேரத்தையும் நடந்ததையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிளை அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.