தின்பண்டக் கவரின் பின்பக்கத்தைத் தூக்கி எறியாதீர்கள்

குழந்தை எதையோ தின்று உடம்பெல்லாம் தடித்துவிட்டால், என்ன தின்றது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை தடுக்க முடியும். மூச்சுத் திணறினாலோ நாக்கு வீங்கினாலோ கவரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்த ஆபத்து நீங்கிய பிறகு செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் ஆறு வயது மகனை என் கும்பகோணம் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். உதடு வீங்கியிருந்தது. அவனுக்கு வேர்க்கடலை ஆகாது என்பதால் கடலை மிட்டாயைக்கூட வீட்டில் வாங்குவதில்லை. "ஆரஞ்சு உருண்டைதான் தின்றான் டாக்டர், கடலையே கிடையாது" என்றார். கையிலிருந்தது பள்ளி வாசலில் பொறுக்கிய பாதிக் கவர். பெயர் இருந்த முன்பக்கமும், சேர்மானப் பட்டியலும் கிழிந்துபோயிருந்தன. பின்பக்கத்தில் FSSAI என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் பார்கோடின் மேல்பாதியும் மிஞ்சியிருந்தன.

கோடுகளுக்கு அடியிலுள்ள எண்கள் போயிருந்தாலும் பார்கோடு வேலை செய்யும். இடக்கோடி முதல் வலக்கோடி வரை எல்லாக் கோடுகளும் ஒரு கீற்றளவுக்கு இருந்தால் போதும், ஸ்கேனர் படித்துவிடும். நெடுக்காகக் கிழிந்து ஓரத்துக் கோடுகள் போய்விட்டால்தான் படிக்காது. ஆனால் அந்தக் கடை விற்கும் சரக்காக இருந்தால் மட்டுமே பில் போடும் கணினியில் பெயர் வரும். பெரிய கடையில் ஒன்றும் வரவில்லை. தின்பண்டம் மொத்தமாக விற்கும் கடையில் உடனே பெயர் வந்தது. பள்ளி வாசல் பெட்டிக்கடைகள் சரக்கெடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். எந்தெந்த ஊர்க் கடைக்காரர்கள் அதை வாங்கிப் போகிறார்கள் என்றும் அங்கேயே சொன்னார்கள். புது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், சோள மாவுக்கு அடுத்து வேர்க்கடலை மாவு. சின்ன எழுத்தில் ஒவ்வாமை எச்சரிக்கையும் இருந்தது.

ஸ்கேனர் கைவிட்டிருந்தால் உரிம எண்ணைப் பிடித்திருப்போம். மாநில உரிமமாக இருந்தால் 1-க்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. 100-இல் தொடங்கினால் மத்திய உரிமம். foscos.fssai.gov.in தளத்தில் முழு எண்ணையும் இட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் கிடைக்கும். பண்டத்தின் பெயர் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரே உரிமத்தில் பல பண்டங்கள் தயாராகும். சில நிறுவனங்கள் பிறருடைய பெயரிலும் செய்து தருகின்றன. அதனால் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளும்போது கவரிலுள்ள பேட்ச் எண்ணையும் சொல்லுங்கள். எந்தப் பண்டம், உங்கள் பகுதிக்கு எந்த ஏஜென்சி வழியாக வருகிறது என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

பார்கோடு 890 என்று தொடங்குவதை வைத்து இந்தியாவில் தயாரானது என்று முடிவு கட்டாதீர்கள். எண்ணை இந்திய அமைப்பிடம் பதிவுசெய்து வாங்கினார்கள் என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

கவர் கிடைத்ததும் ஈரத்தைத் துடைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, கவரையும் கையோடு கொண்டு வாருங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் தேய்த்தால் அழியும் மையில் அச்சாகியிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் துடைக்காதீர்கள்.