பிள்ளை வாய் வைத்ததும் தாய்க்குத் தொண்டை வறள்வது ஏன்?

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழும், அவள் எழுந்து மடியில் போட்டுக்கொள்வாள். பிள்ளை முதலில் வேகவேகமாகச் சப்பும். கொஞ்ச நேரத்தில் அந்த வேகம் குறைந்து, ஒரு சீரான தாளத்தில் மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்கும். பால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சரியாக அந்த நேரம் பார்த்து, "அக்கா, தண்ணி" என்பாள். பாதிச் செம்பு தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே போகும். பக்கத்தில் படுத்திருக்கும் பெரியம்மாவோ, "ரொம்பக் குடிக்காதடி, வயிறு போட்டுடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்.

அந்தத் தாகத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாலைந்து மாதக் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் குடிக்கிறது. எட்டுத் தடவையாகக் குடித்தால் தடவைக்கு ஏறக்குறைய 95 மில்லி. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். ஆக ஒரு தடவை பால் கொடுத்தால் தாயின் உடம்பிலிருந்து போவது 80 மில்லி சொச்சம் தண்ணீர், அரை டம்ளர்கூட இல்லை. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதில் அரை டம்ளர் குறைந்தால் யாருக்கும் தொண்டை வறளாது. போதாக்குறைக்கு இந்தத் தாகம் பால் கொடுத்து முடித்த பிறகு வருவதும் இல்லை. பிள்ளை குடிக்கத் தொடங்கியதுமே வந்துவிடுகிறது. அப்படியானால் இது தண்ணீர் குறைந்ததால் வந்த தாகமாக இருக்க முடியாது.

சாதாரணமாக நமக்குத் தாகம் எடுக்கும் விதம் வேறு. வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைக் கிளப்புகிறது. பால் கொடுக்கும் தாய்மார்களிடம் இதுதான் நடக்கிறதா என்று 1990-களில் பிரிட்டனில் சோதித்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கும்போதே தாகத்தின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை சப்பத் தொடங்கியதும் தாகம் சட்டென்று எகிறியது. ரத்தத்தின் அடர்த்தியோ இருந்தபடியே இருந்தது.

அந்த நேரத்தில் உடம்பில் மாறுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான். பிள்ளை காம்பைச் சப்பும்போது அங்குள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கே தயாராகும் ஆக்சிடோசின், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து விட்டுவிட்டு ரத்தத்தில் பாய்கிறது. மார்பில் பால் சேர்ந்திருக்கும் சிறு பைகளைச் சுற்றி வலைபோல் தசைச் செல்கள் இருக்கின்றன. ஆக்சிடோசின் பட்டதும் அவை சுருங்கிப் பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகின்றன. மார்பில் ஒரு குறுகுறுப்பு, அடுத்த பக்கத்திலும் துணி நனைவது எல்லாம் இதனால்தான். உடம்பில் தண்ணீரைச் சிறுநீராகப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனும் ஹைப்போதலாமஸின் அதே இடத்தில்தான் உருவாகிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த இந்த இரண்டு ஹார்மோன்களுக்கும் இரண்டே இரண்டு மணிகளில்தான் வித்தியாசம். பாலை இறக்கும் ஏற்பாடும் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கும் ஏற்பாடும் மூளையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதாவது இந்தத் தாகம் முன்கூட்டியே வருகிறது. தண்ணீர் போன பிறகு ஈடுகட்டுவதற்குப் பதிலாக, போகப்போகிறது என்று தெரிந்ததுமே உடம்பு கேட்டு வாங்குகிறது. ஒரு தடவைக்கு அரை டம்ளர்தான் என்றாலும், நாள் முழுக்கச் சேர்த்தால் 650 மில்லிக்குக் குறையாது. சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் அது பெரிய கணக்கு.

பசி கதை வேறு. அது தாகம்போல ஒரு நொடியில் வருவதில்லை, மெதுவாகச் சேர்ந்து வரும் கடன். பால் இனிப்பதற்குக் காரணம் அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கும். 750 மில்லிக்கு 50 கிராமுக்கு மேல் ஆகிறது. இதைத் தயாரிக்க மார்பின் செல்கள் தாயின் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் எந்த ஒரு நேரத்திலும் அவளது மொத்த ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். ரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்கு சர்க்கரை ஒவ்வொரு நாளும் பாலாகப் போகிறது. இரவில் சாப்பாடு இல்லாத நேரத்திலும் இந்த வேலை நிற்பதில்லை. கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸ் செய்து ஈடுகட்டுகிறது.

லாக்டோஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது உருவாகும் இடத்தில் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு லாக்டோஸ் உருவாகிறதோ அதற்கேற்ற தண்ணீர் பாலில் சேர்கிறது. பாலின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சர்க்கரைதான், தாய் குடித்த தண்ணீர் இல்லை.

மொத்தச் சக்தி எவ்வளவு? 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி. 750 மில்லிக்கு 500 கலோரி. ஆனால் அந்த 500-ஐப் பாலுக்குள் வைக்க 500 செலவழித்தால் போதாது. சாப்பாட்டைப் பாலாக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். அதனால் 625 கலோரி வரை ஆகிறது. நம் மூளை ஒரு நாள் முழுக்க இயங்கச் செலவாகும் சக்தியைவிட இது அதிகம்.

இதில் ஒரு பகுதியை உடம்பு கர்ப்ப காலத்திலேயே எடுத்துவைத்திருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு அதற்குத்தான். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் அதிலிருந்து நாளைக்கு 170 கலோரிபோலக் கிடைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. மீதி 450 சொச்சம் தட்டிலிருந்து வரவேண்டும். மூன்று இட்லி சாம்பாரோடு, ஒரு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய் என்றால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும். சேமிப்புக் கொழுப்பே இல்லாத மெலிந்த பெண்ணுக்கு அந்த 170-உம் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. நம் ஊர் நிலைமைக்கு அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கடனை மூளைக்கு யார் சொல்கிறார்கள்? கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. பால் கொடுக்கும் எலிகளில் லெப்டின் இறங்கிவிடுகிறது, பசியைத் தூண்டும் நரம்புச் செல்கள் சுறுசுறுப்பாகின்றன. பாலை உற்பத்தி செய்யவைக்கும் புரோலாக்டினும் தன் பங்குக்குப் பசியைக் கிளப்புகிறது. அந்த எலிகள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். பெண்களுக்கு அவ்வளவு இல்லை. எலிக்குப் பல குட்டிகள், நமக்குப் பெரும்பாலும் ஒரு பிள்ளை, அதுவும் மெதுவாக வளரும் பிள்ளை.

சரி, தாய் தண்ணீர் குடிக்காவிட்டால், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? பால் வற்றிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனெபா என்ற கிராமத்தில் நடந்த ஆய்வுகள் வேறு ஒன்றைக் காட்டின. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ரமலான் நோன்பு இருந்த தாய்மார்களைக் கவனித்தார்கள். கொதிக்கும் வெயிலில் விடியற்காலை முதல் சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாலைக்குள் அவர்கள் உடம்பின் மொத்தத் தண்ணீரில் 7.6 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு லிட்டர்போல இருக்கும். ஆனாலும் பாலின் அளவு குறையவில்லை. இரவில் அவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து மறுநாளுக்கு முன்னேற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அதே கிராமத்தில் குறைவாகச் சாப்பிட்ட தாய்மார்களுக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்தபோதும் பாலின் அளவு கூடவில்லை.

பால் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிள்ளை எவ்வளவு குடித்து மார்பைக் காலி செய்கிறது என்பதுதான். உடம்பு பிள்ளையின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு, குறைச்சலைத் தாயின் தலையில் போடுகிறது. எழுந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், அடர் மஞ்சள் சிறுநீர், சாயங்காலம் தலைவலி என்று அந்தக் குறைச்சல் வெளியே தெரியும். பெரியம்மா சொன்ன பத்தியம் பிள்ளையின் பாலைக் கெடுக்காது, ஆனால் தாயைக் காயப்போடும். தாய் குடிக்கும் தண்ணீரால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதும் இல்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், அந்தப் புரதம் தேவைதான். தண்ணீரை மட்டும் அளந்து கொடுக்க வேண்டாம். இன்னொரு பக்கம், பால் கூடுமே என்று தாகமில்லாமல் செம்பு செம்பாகக் குடிப்பதாலும் பால் கூடாது. தாகம் கேட்கும் அளவே அளவு.

தாகம், பசி எல்லாமே பாலினால்தான் என்று விட்டுவிடக் கூடாத சில நேரங்கள் உண்டு. பால் கொடுக்காத நேரத்திலும் ஓயாத தாகம், கூடவே அடிக்கடி நிறையச் சிறுநீர் என்றால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் எப்படியும் பார்த்துவிட வேண்டும். அகோரப் பசி, அதோடு எடை வேகமாக இறங்குவது, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் தைராய்டு காரணமாக இருக்கலாம். பிரசவமான சில மாதங்களில் தைராய்டு சுரப்பி வீங்கி ஹார்மோனைக் கொட்டுவது உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சோற்றையும் இட்லியையும் முற்றிலும் நிறுத்தி எடை குறைக்கப் பார்ப்பது இன்னும் ஆபத்து. அரிதாக ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி, குமட்டல், வாந்தி, வேகமான மூச்சு என்று போகும். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆறு மாதம் கழித்து என் தங்கை பிள்ளைக்குப் பருப்புச்சாதம் ஊட்டத் தொடங்கினாள். பால் குடிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது, அவளுடைய பசியும் அதோடு குறைந்தது. இரவில் எழுந்து குடிப்பதும் நின்ற பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால், படுக்கை ஓரத்தில் வைத்திருந்த செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.