‘அவன்’ யார் என்பதை எது தீர்மானிக்கிறது?

“மாறன் செழியனைக் கடிந்துகொண்டான். அவன் கணக்கில் தவறு செய்திருந்தான்.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் படிப்பவர் யாரும் ‘அவன்’ என்பது செழியன்தான் என்று கொள்வதற்கு ஒரு கணமும் தயங்குவதில்லை. ஆனால் இலக்கணம் அப்படி எதையும் சொல்லவில்லை. இருவரும் ஆண்பால், இருவரும் ஒருமை. ‘செய்திருந்தான்’ என்ற வினைமுற்று இருவருக்கும் பொருந்தும். அருகில் உள்ள பெயரைத்தான் சுட்டுப்பெயர் குறிக்கும் என்று விதி வகுத்துப் பார்க்கலாம். இரண்டாம் வாக்கியத்தை “அவனுக்குக் காலையிலிருந்தே எரிச்சல்” என்று மாற்றினால் அந்த விதி உடைந்துவிடுகிறது. இப்போது ‘அவன்’ மாறன். எழுவாயைத்தான் குறிக்கும் என்று விதியை மாற்றினால் முதல் எடுத்துக்காட்டு உடைகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரி ஹாப்ஸ் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இந்தப் புதிரை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. அவர் காட்டிய எடுத்துக்காட்டைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: “ஜானால் பில்லின் பெட்டகத்தைத் திறக்க முடியும். அவனுக்கு அதன் பூட்டெண் தெரியும்.” பெட்டகத்தின் உரிமையாளன் பில், ஆகவே பூட்டெண் அவனுக்குத் தெரிந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆயினும் ‘அவன்’ என்பதை நாம் ஜான் என்றே படிக்கிறோம். அப்படிப் படித்தால்தான் இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தை விரித்துச் சொல்வதாக அமைகிறது. பில்லுக்குப் பூட்டெண் தெரியும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி முதல் வாக்கியத்தோடு ஒட்டாமல் தொங்கும். ஹாப்ஸின் முடிவு இதுதான்: நாம் முதலில் சுட்டுப்பெயரைத் தீர்த்துவிட்டுப் பிறகு வாக்கியங்களை இணைப்பதில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு வாக்கியங்களுக்கிடையே காரணம், விளைவு, விரிவு, ஒப்புமை போன்ற ஏதோ ஓர் இயைபு உறவு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அதைத் தேடுகிறோம். உறவு கிடைக்கும்போது ‘அவன்’ யார் என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது.

மாறனிடம் திரும்புவோம். ‘செய்திருந்தான்’ என்பதை ‘செய்தான்’ என்று மட்டும் மாற்றுவோம். “மாறன் செழியனைக் கடிந்துகொண்டான். அவன் கணக்கில் தவறு செய்தான்.” இப்போதும் செழியன்தான் நினைவுக்கு வருகிறான், ஆனால் கதை தலைகீழாகிவிடக்கூடும்: திட்டு வாங்கிய பதற்றத்தில் அவன் பிழை செய்தான் என்று படிக்க இடம் உண்டு. ‘இரு’ என்ற துணைவினை, கடிந்ததற்கு முந்தைய காலத்துக்குத் தவறைத் தள்ளி, காரண உறவுக்கு வழிவிட்டது. அது போனவுடன் நிகழ்ச்சிகள் சொல்லப்பட்ட வரிசையில் நடந்ததாகக் கொள்ளும் விளைவு உறவு முன்னுக்கு வருகிறது.

இனி மூன்றாம் வாக்கியம் ஒன்றைச் சேர்ப்போம்: “மாறன் செழியனைக் கடிந்துகொண்டான். அவன் கணக்கில் தவறு செய்திருந்தான். பிறகு அதற்காக வருந்தினான்.” வருந்தியவன் யார், எதற்காக? செழியன் என்றால் ‘அது’ கணக்குத் தவறு. மாறன் என்றால் ‘அது’ கடிந்துகொண்ட செயல். இரண்டு சுட்டுகளும் சேர்ந்தே திரும்புகின்றன. ஒன்றைத் தனியாகத் தீர்க்க முடியாது. எழுவாய் வெளிப்படாத இந்த வாக்கியத்தைப் பெரும்பாலோர் இரண்டாம் வாக்கியத்தின் தொடர்ச்சியாகக் கொண்டு செழியனைத் தேர்வார்கள். “மாறன் பிறகு அதற்காக வருந்தினான்” என்று பெயரைச் சொல்லிவிட்டால் அந்த வாக்கியம் இரண்டாவதைத் தாண்டிச் சென்று முதல் வாக்கியத்தில் ஒட்டிக்கொள்கிறது, ‘அது’வும் உடன் செல்கிறது.

இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. 1980களில் லிவியா போலானி, பானி வெப்பர் ஆகியோர் இதை விவரித்தார்கள். காரணத்தைச் சொல்லும் இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்துக்குக் கீழ்ப்பட்ட கிளை. புதிய வாக்கியம் அந்தக் கிளையின் நுனியிலோ அதைத் தாங்கும் தண்டிலோ சேரலாம். தண்டில் ஒரு வாக்கியம் சேர்ந்துவிட்டால் பழைய கிளை மூடிக்கொள்ளும். “மாறன் செழியனைக் கடிந்துகொண்டான். செழியன் கணக்கில் தவறு செய்திருந்தான். பிறகு மாறன் வெளியே போய்விட்டான். அது பெரிய விஷயமில்லை.” இந்த ‘அது’ கணக்குத் தவறைக் குறிப்பதாக எழுதியவர் நினைத்திருந்தால், படிப்பவருக்கு அது எட்டுவது கடினம். கிளை மூடியபின் ‘அந்தத் தவறு’ என்று பெயர் சொல்லித்தான் அதைத் திறக்க முடியும்.

ஹாப்ஸ் சொன்னதைச் சோதனையிலும் பார்த்திருக்கிறார்கள். ஹன்னா ரோட், ஆண்ட்ரூ கேலர், ஜெஃப்ரி எல்மன் மூவரும், ஒருவர் மற்றவரிடம் ஒரு பொருளைக் கொடுப்பதாகச் சொல்லும் ஆங்கில வாக்கியத்துக்குப் பின் ‘அவன்’ என்பதற்கான சொல்லை மட்டும் தந்து, மீதியை எழுதி முடிக்கச் சொன்னார்கள். கொடுத்து முடித்ததாக வாக்கியம் இருந்தால் வாங்கியவரைப் பற்றி எழுதும் போக்கு கூடியது. கொடுத்துக்கொண்டிருந்ததாக மாற்றினால் கொடுத்தவர் பக்கம் சாய்வு அதிகரித்தது. முடிந்த செயலுக்குப் பின் ‘அடுத்து என்ன’ என்று மனம் போகிறது. அடுத்ததைச் செய்பவர் பெரும்பாலும் பொருளைக் கையில் வைத்திருப்பவர். பின்னர் அதே வாக்கியங்களைத் தந்து, “அடுத்து என்ன நடந்தது?” என்ற கேள்விக்கோ “ஏன்?” என்ற கேள்விக்கோ பதிலாக எழுதச் சொன்னபோது, ‘அவன்’ குறித்த ஆளும் அதற்கேற்ப மாறினான். முன்வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாறாதபோது இது நடந்தது என்பதே எனக்கு இந்தச் சோதனையின் வலுவான பகுதியாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் ஊகத்துக்கு விடப்படும் பலவற்றைத் தமிழ் சொல்லிலேயே குறித்துவிடுகிறது. “மாறன் செழியனைக் கடிந்துவிட்டு வெளியேறினான்” என்றால் வெளியேறியவன் மாறன், ஐயமில்லை. “மாறன் கடிந்ததும் வெளியேறினான்” என்றால் அது செழியனாக இருக்கலாம். செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வினையெச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் வகுத்திருப்பது, இன்றைய சொல்லில், சுட்டைப் பற்றிய விதியேதான். ‘தான்’ என்பதும் அப்படியே: “மாறன் செழியனிடம் தான் தவறு செய்துவிட்டதாகச் சொன்னான்” என்றால் தவறு செய்தவன் மாறன். ஆனால் இடைவெளி விடாமல் ‘செழியனிடம்தான்’ என்று எழுதிவிட்டால் அது வெறும் அழுத்தச் சொல்லாகி, தவறு யாருடையது என்பது மறுபடியும் காற்றில் நிற்கும். அச்சுப் பிழை திருத்துபவர்கள் இந்த ஓர் இடைவெளியை அலட்சியமாகக் கூட்டியும் குறைத்தும் விடுவது வாடிக்கை.

தன் எழுத்தில் இத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்க விரும்புபவர், ஐயமுள்ள இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘பிறகு’ என்ற மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் படிக்கலாம். ஒன்று மட்டும் பொருந்தினால் கவலையில்லை. இரண்டு பொருந்தி, அவற்றுக்கேற்ப ‘அவன்’ ஆளும் மாறினால், இணைப்புச் சொல்லை எழுதியே ஆகவேண்டும். பயந்துபோய் எல்லா இடத்திலும் பெயரையே எழுதுவதும் உதவாது. பீட்டர் கார்டனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனைகளில், சுட்டுப்பெயரை எதிர்பார்க்கும் எழுவாய் இடத்தில் பெயரைத் திரும்ப எழுதியபோது வாசிப்பு வேகம் குறைந்தது. இன்னொரு மாறன் வந்துவிட்டானோ என்று வாசகர் தேடத் தொடங்குவதுபோல.