முழுப் பணத்தையும் கட்டிய பிறகும் மதிப்பெண் ஏன் இறங்குகிறது?

கடன்பற்று அட்டையின் நிலுவையை மாதந்தோறும் முழுமையாகக் கட்டிவிடுபவர்கள், தங்கள் கடன் மதிப்பெண்ணுக்கு எந்தக் குறையும் வராது என்று நம்புகிறார்கள். வீட்டுக் கடன் ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களில், இந்த நம்பிக்கையோடு வந்து தங்கள் கடன் அறிக்கையைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். ஒரு மாதம்கூடத் தவணை தவறாதவருக்கும் மதிப்பெண் இறங்கக்கூடும். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, அவர் தம்முடைய கடன் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதே.

சிங்கப்பூரில் வங்கிகள் பரவலாகப் பார்ப்பது கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் வழங்கும் அறிக்கையைத்தான். அதில் மதிப்பெண் 1000 முதல் 2000 வரை இருக்கும். அதையொட்டி AA முதல் HH வரை தரநிலையும் இருக்கும். மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் கூறுகளாக அந்நிறுவனம் சொல்பவற்றில், தவணை தவறிய விவரம், அண்மையில் வாங்கிய கடன், கடன் கேட்டு விண்ணப்பித்த எண்ணிக்கை ஆகியவற்றோடு வரம்பைப் பயன்படுத்தும் போக்கும் ஒன்று. ஒவ்வொரு கூறுக்கும் எத்தனை புள்ளி என்பது வெளியிடப்படுவதில்லை. ஆகவே, “இவ்வளவு குறைத்தால் இத்தனை புள்ளி ஏறும்” என்று யாராவது உறுதி கூறினால் அதை நம்ப வேண்டாம்.

கணக்கு எளிது. உங்கள் அட்டைகளில் நிற்கும் மொத்த நிலுவையை மொத்தக் கடன் வரம்பால் வகுத்தால் வருவதே பயன்பாட்டு விழுக்காடு. இதில் நம் மக்கள் தவறவிடுவது, எந்த நாளின் நிலுவை கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதைத்தான். வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை அனுப்புகின்றன. அந்தத் தருணத்தில் கணக்கில் நிற்கும் தொகையே பதிவாகும். அந்தத் தருணம் மாதாந்தரக் கணக்கு அறிக்கை தயாராகும் நாளை ஒட்டியும் இருக்கலாம், மாத இறுதியை ஒட்டியும் இருக்கலாம். அது வங்கிக்கு வங்கி மாறும். பணம் கட்டுவதற்கான கடைசி நாளோ கணக்கு அறிக்கை வந்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பிறகே வருகிறது. எனவே கடைசி நாளில் முழுத் தொகையைக் கட்டுபவரின் பெயரில், அதற்கு முன்பே ஒரு பெரிய நிலுவை பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.

மாதம் 4,500 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இரண்டு வங்கிகளின் அட்டைகள் இருக்கின்றன. ஒன்றின் வரம்பு 6,000 வெள்ளி, மற்றொன்றின் வரம்பு 4,000 வெள்ளி. தங்கையின் திருமணத்துக்காகச் சிராங்கூன் சாலையில் நகை வாங்கியதும், குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்வர விமானச் சீட்டு எடுத்ததும் முதல் அட்டையில் 5,400 வெள்ளியாக நிற்கின்றன. இரண்டாவதில் பேருந்து, மளிகைச் செலவாக 200 வெள்ளி. மொத்தம் 10,000 வெள்ளி வரம்பில் 5,600 வெள்ளி, அதாவது 56 விழுக்காடு. முதல் அட்டையைத் தனியாகப் பார்த்தால் 90 விழுக்காடு. கையில் சேமிப்பு இருப்பதால் கடைசி நாளில் அவர் முழுவதையும் கட்டிவிடுவார். ஆனால் அதே மாதத்தில் வீவக மறுவிற்பனை வீட்டுக்காக வங்கிக் கடன் கேட்டு விண்ணப்பித்தால், வங்கி அதிகாரியின் கண்ணில் படுவது வரம்பின் விளிம்பில் நிற்கும் ஓர் அட்டைதான். கல்யாணச் செலவு என்ற விளக்கம் அறிக்கையில் இருக்காது.

அவரே நகை வாங்கிய வாரத்தில், கணக்கு அறிக்கை வருவதற்கு முன்பாகவே 3,500 வெள்ளியைக் கட்டியிருந்தால், முதல் அட்டையில் 1,900 வெள்ளிதான் நிற்கும். மொத்த நிலுவை 2,100 வெள்ளி, பயன்பாடு 21 விழுக்காடு. செலவு அதேதான், கட்டிய பணமும் அதேதான். கட்டிய நாள் மட்டுமே வேறு. இணைய வங்கியில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. கணக்கு அறிக்கை வந்த பிறகுதான் கட்ட வேண்டும் என்ற விதியும் கிடையாது.

எவ்வளவு விழுக்காட்டைக் குறியாக வைக்கலாம்? 30 விழுக்காட்டுக்குள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதியன்று. 29க்கும் 31க்கும் இடையில் ஏதோ பள்ளம் இருக்கிறது என்பதும் இல்லை. இருந்தாலும் வழக்கமான மாதங்களுக்கு அது நல்ல உச்சவரம்பு. மொத்தத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வோர் அட்டையிலும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. பெரிய கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களிடம், அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் 10 முதல் 20 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்கிறேன். பூஜ்யம் தேவையில்லை, அட்டையைப் பயன்படுத்தி ஒழுங்காகக் கட்டிய வரலாறும் வங்கிக்கு வேண்டும்.

விழுக்காட்டைக் குறைக்க நினைத்துச் செய்யும் சில காரியங்கள் அதை ஏற்றிவிடுவதும் உண்டு. “அட்டை குறைவாக இருந்தால் நல்லதுதானே” என்று எண்ணி, மேலே சொன்னவர் 4,000 வெள்ளி அட்டையை ரத்து செய்தால், அதே 2,100 வெள்ளி நிலுவை இப்போது 6,000 வெள்ளி வரம்பில் 35 விழுக்காடாகிவிடும். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய அட்டையை வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை விட்டுவைப்பதே சரி. இன்னொன்று, ஒரே வங்கியின் இரண்டு அட்டைகளுக்குப் பெரும்பாலும் ஒரே பொது வரம்புதான் இருக்கும். இரண்டிலும் 6,000 வெள்ளி என்று காட்டினால் மொத்தம் 12,000 வெள்ளி என்று கூட்டிவிடக் கூடாது. வட்டியில்லாத் தவணையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினாலும், பெரும்பாலான வங்கிகள் அதன் முழு விலையையும் முதலிலேயே வரம்பிலிருந்து பிடித்துவைக்கின்றன.

வரம்பை உயர்த்தக் கேட்பதும் ஒரு வழிதான். செலவைக் கட்டுக்குள் வைத்து, நிலுவையை முழுமையாகக் கட்டிவரும் ஒருவருக்கு அது பொருந்தும். ஏற்கெனவே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அவருக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேலான வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மதிப்பெண்ணைவிட அந்த வட்டியே முதலில் கவனிக்க வேண்டியது. மேலும், அடைமானமில்லாக் கடன்களில் வட்டி ஏறும் நிலுவை மாதச் சம்பளத்தின் 12 மடங்கைத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்குத் தாண்டினால், புதிதாக அத்தகைய கடன் தர நாணய ஆணையத்தின் விதி அனுமதிக்காது. இது பயன்பாட்டு விழுக்காட்டிலிருந்து வேறான கணக்கு. முழுமையாகக் கட்டுபவரின் நிலுவைக்கு வட்டி ஏறாததால் அது இதில் சேராது.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்பாகவே உங்கள் கடன் அறிக்கையைச் சிறு கட்டணம் செலுத்தி வாங்கிப் பாருங்கள். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ரத்து செய்த அட்டை இன்னும் திறந்திருப்பதாகவோ, கட்டி முடித்த நிலுவை நிற்பதாகவோ தெரிந்தால், வங்கியின் கடிதத்தோடு கிரெடிட் பியூரோவுக்கு எழுதுங்கள். விவரங்கள் மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுவதால், திருத்தம் அறிக்கையில் தெரிய அந்த மூன்று மாத அவகாசம் போதுமானதாக இருக்கும்.