ஒயர் கூடையில் 37 கடிதங்கள்

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம். சமைக்கிறாங்க, மாட்டைப் பாத்துக்கிறாங்க, தூங்குறாங்க. அப்பா போனதுக்கு வந்த லெட்டரை மட்டும் தொட விட மாட்டேங்குறாங்க."

மகள் இப்படிச் சொன்னபோது அந்த அம்மா என் மேசைமேல் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் குத்தாலம் பக்கம். கணவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதத்தில் ஒரு இரவு மாரடைப்பில் போய்விட்டார். மனநல ஆலோசனைக்கு என்னிடம் வந்தது ஆடியில். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரில் பதினெட்டாம் பெருக்குக்கு மஞ்சள் கயிறும் கருகமணியும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். "அன்னிக்கு நான் ஆத்தங்கரைக்குப் போக முடியாதுல்ல, அதான் இவ இங்க கூட்டியாந்துட்டா" என்றார் அம்மா. அவர் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியமே அதுதான். (எழுதச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நம் பக்கத்தில் துக்கத்துக்கு நேரில் போவதுதான் வழக்கம். வாத்தியார் வீடு என்பதால் இங்கே கடிதமும் நிறைய. பழைய மாணவர்கள் எழுதிய இன்லண்ட், போஸ்ட்கார்டு. மகன் இங்கிலாந்தில் இருப்பதால், அப்பா ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தபோது பழகிய தெருக்காரர்கள் அனுப்பிய படம் போட்ட இரங்கல் அட்டைகளும் உண்டு. தபால்காரர் கொடுக்கக் கொடுக்க, அம்மா அவற்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் மகள் ஆறுதலாக இருக்குமென்று நாலு கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கப்புறம் கூடைப் பக்கம் யாரும் போகக்கூடாதென்று உத்தரவு.

உறவினர்கள் "அவர் செத்ததையே இன்னும் ஏத்துக்கல" என்றார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வங்கிக்குப் போய்ப் பெயர் மாற்றியிருக்கிறார், குடும்ப ஓய்வூதியத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏற்காதவர் இதையெல்லாம் செய்யமாட்டார். இழப்பு மொத்தத்தையும் அவர் தவிர்க்கவில்லை, ஒரு கூடையை மட்டும்தான் தவிர்த்தார். அப்படி ஒன்றை மட்டும் ஒருவர் ஒதுக்கினால், அந்த ஒன்றில் என்ன இருக்கிறதென்று கேட்க வேண்டும்.

கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் எப்படி ஆச்சுன்னு கேட்டிருப்பாங்க" என்றார்.

அன்றிரவு பத்து மணிக்குக் கணவர் நெஞ்சைக் கரிக்கிறது என்றிருக்கிறார். இவர் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். சட்டை நனைகிற அளவு வியர்த்ததைப் புழுக்கம் என்று நினைத்தார். இரண்டு மணிக்கு மகனுக்கு போன் போட்டபோது கணவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து பாயில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் இதை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். "ஓமத்தண்ணி குடுத்தேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன் தெரியுமா? சொல்லச் சொல்ல நானே குடுத்துக் கொன்ன மாதிரி ஆயிப்போச்சு."

(இடையில் ஒரு வார்த்தை. மாரடைப்பு வலி வாயுத் தொல்லை போலவே வரலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மங்கலாக வரலாம். நெஞ்சுக் கரிப்போடு வியர்வையோ மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க உட்காராமல் 108-ஐக் கூப்பிட்டு இசிஜி எடுத்துவிடுங்கள். அந்த அம்மாவிடம் அன்று இதைச் சொல்லவில்லை. சொல்லும் வேளை அதுவல்ல.)

அடுத்த முறை கூடையோடு வந்தார். எண்ணினோம்: 41. அதில் நான்கு அலுவலகக் கடிதம், அவற்றை மகளிடம் கொடுத்துவிட்டேன். திறக்காத தபாலுக்கு நடுவில் கெடு வைத்த கடிதம் ஏதாவது எப்போதும் கிடக்கும். மிச்சம் 37. மகள் அன்று படித்த நாலும் திரும்ப உறைக்குள் போய் இதில்தான் இருந்தன. எதையும் திறக்காமல் கையெழுத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொன்னேன். எது எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் கேட்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு எண் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது ஆழாக்கு. இது உழக்கு. இது ஒரு படி" என்று அளந்து வைத்தார். தடித்த வெள்ளை உறை ஒன்றை மட்டும் தனியாகத் தள்ளி, "இது மரக்கால்" என்றார். கணவரிடம் படித்து டாக்டரான பையன் எழுதியது. டாக்டர் என்ன எழுதியிருப்பான் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

ஆழாக்கிலிருந்து ஆரம்பிப்பது என்று திட்டம். ஒரு தடவைக்கு இரண்டு கடிதம், அதற்கு மேல் வேண்டாம். சமையல் முடிந்த காலை நேரம், விளக்கு வைக்கும் வேளையில் கூடாது. பக்கத்தில் மகளோ அடுத்த வீட்டுப் பெண்ணோ இருக்க வேண்டும், ஆனால் படிப்பது அம்மாதான். அழுகை வந்தால் கடிதத்தை மூடாமல் அது தணியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தணிந்தபின் காபி போடப் போகலாம். உச்சத்தில் மூடி வைத்தால் மனதில் அந்த உச்சம் மட்டும்தான் பதியும், அடுத்த கடிதத்தை எடுக்கக் கை வராது. தணியும் வரை இருந்தவருக்கு அது தணியும் என்பது தெரிந்துவிடும்.

முதல் இரண்டும் நன்றாகவே போயின. அடுத்த வாரம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பயம் கூடிவிட்டது என்று கணக்குப் போட்டு, தடவைக்கு ஒன்று போதும் என்று குறைத்தேன். அதுவும் நடக்கவில்லை.

தப்பு என்மேல். மூன்றாம் வாரம் கிளம்பும்போது வாசற்படியில் நின்று அம்மாவே கேட்டார்: "படிச்சா கிழிச்சுறணுமேம்மா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாவுச் செய்தி வந்த கடுதாசியை வீட்டில் வைக்கக்கூடாது, படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். என் பாட்டியும் கருமாதிப் பத்திரிகையை வாசலிலேயே கிழிப்பார். இந்த அம்மா முதல் இரண்டையும் படித்துவிட்டுக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டிருக்கிறார். திறக்காத வரைதான் மற்ற 35-ம் அவரிடம் இருக்கும். நான் அவரைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் எரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எரிந்த இரண்டில் ஒன்று நாகப்பட்டினத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர் எழுதியது. நான் பார்த்ததில்லை. அம்மா மனப்பாடமாகச் சொன்னார்: "சார் என்னைய எட்டாவதுல பெயில் ஆக்குனாரு. அந்த லீவு பூரா வீட்டுக்கு வரச் சொல்லிக் கணக்கு சொல்லிக் குடுத்தாரு. நீங்க தெனம் கேவுரு அடை குடுப்பீங்க. அடைக்காகத்தான் வந்தேன்னு சார்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லல."

வழக்கத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களைச் சார் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டேன். "கம்பியில குத்தி வைப்பாரு." உத்தரத்தில் தொங்கும் வளைந்த கடுதாசிக் கம்பி, பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். சாவுச் செய்தியை? "அதை மட்டும் கிழிப்பாரு." இவை சாவைச் சொல்லும் கடிதமா, சாரைச் சொல்லும் கடிதமா என்றேன். அம்மா பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் ஆறு திறந்தார். ஐப்பசிக்குள் 36 முடிந்தது. அவர் அஞ்சிய கேள்வி, எப்படி ஆச்சு என்பது, எத்தனை கடிதத்தில் இருந்தது தெரியுமா? இரண்டில். இங்கிலாந்து அட்டைகளில் ஒன்றை நீட்டி, "இதுல அச்சடிச்சது எது, அவங்களா எழுதுனது எது?" என்று பேத்தியிடம் கேட்டாராம். லில்லிப் பூப் படம், அதன்கீழ் அச்சிட்ட நாலு வரி. பேனாவால் எழுதியது ஒரே வரி: இலையுதிர் காலத்தில் அவர் எங்கள் வாசலையும் சேர்த்தே பெருக்கிவிடுவார். "இங்க ஒரு நாள் தொடப்பத்தைத் தொட்டது கிடையாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதனால் துக்கத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒன்று: எப்படி நடந்தது என்று கேட்க வேண்டாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றும் வேண்டாம். இறந்தவர் செய்ததில் வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் கடிதம் இன்னும் கூடையில் இருக்கலாம்.

இது நோயா என்று மகள் முதல் நாளே கேட்டார். நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அதற்கு ஆறு மாதத்தையாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது, அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மின் 2022-இல் வந்த திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஏக்கமும் நினைப்பும் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆளை ஆட்டிவைத்து, அன்றாட வாழ்க்கை குலைந்து, அந்தச் சமூகத்து வழக்கத்தையும் மீறிப் போயிருக்க வேண்டும். இந்த அம்மா சமைத்தார், மாடு கறந்தார், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் மருந்துக்கு யாரிடமும் அனுப்பவில்லை. சாப்பாடு விட்டுப்போய், தூக்கம் கெட்டு, நானும் அவரோடு போயிருக்கலாம் என்று பேச ஆரம்பித்திருந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

மார்கழியில் பழைய கம்பியைத் துருப் போகத் தேய்த்து, பேத்தியை ஸ்டூலில் ஏற்றி மாட்டச் சொல்லியிருக்கிறார். 34 கடிதம் அதில் இருக்கிறது. டாக்டர் பையனின் வெள்ளை உறை மட்டும் ஒயர் கூடையில். போன வாரம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"இப்ப படி அளவுதான்" என்றார். "தெவசம் கழியட்டும்."

பட்டறைக்காரருக்குப் பதில் எழுத 50 காசு கார்டு பத்து வாங்கி வைத்திருக்கிறார். அவர் கடிதம் எரிந்துபோனதில் விலாசம் இல்லை. நாகப்பட்டினத்தில் டிராக்டர் பட்டறைகளை மகள் போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.