மெதுவாக வாசிப்பவருக்குத் தேர்வில் கிடைக்கும் ஏற்பாடுகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் தேர்வில் மாற்று ஏற்பாடு கேட்பது உரிமை. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. நடத்துபவருக்கு அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது என்பது அதிலுள்ள வரம்பு. கூடுதல் நேரம் கேட்பதை அப்படிப்பட்ட சுமை என்று சொல்வது கடினம்.

பெரும்பாலோர் கூடுதல் நேரம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடத் தேர்வு, வினாத்தாளில் மொத்தம் 6,000 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 சொல் வாசிப்பவருக்கு வாசிக்க 30 நிமிடம் போகும். யோசிக்க 60 நிமிடம் மிஞ்சும். 90 சொல் வாசிப்பவருக்கு வாசிக்கவே 67 நிமிடம் போய்விடும், மிச்சம் 23தான். கால்பங்கு கூடுதல் நேரம் கொடுத்தாலும் சுமார் 45 நிமிடம்தான் ஆகிறது. அதுவே, கேள்விகளைக் குரலில் கேட்கும் வசதி நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் இருந்தால், கூடுதல் நேரம் இல்லாமலே 50 நிமிடம் மிஞ்சும். திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் கொஞ்சம் குறையும். அதனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஆனால் ஒரு விஷயம்: வாசிப்புத் திறனையே சோதிக்கும் பகுதியில் குரல் வசதியைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள், அங்கே நேரம் மட்டும்தான்.

அடுத்தது சான்று. 'இவருக்கு டிஸ்லெக்சியா உள்ளது' என்ற ஒற்றை வரிக் கடிதம் பல இடங்களில் திரும்பி வந்துவிடும். உளவியலாளரோ சிறப்புக் கல்வி ஆசிரியரோ தரும் மதிப்பீட்டு அறிக்கையில் வாசிப்பு வேகம் தனியாக அளக்கப்பட்டு, மதிப்பெண்ணோடு இருக்க வேண்டும். இந்தச் சோதனைகள் பலவற்றில் சராசரி 100. 85க்குக் கீழே என்றால் தெளிவாகப் பின்தங்கிய வேகம். டிஸ்லெக்சியா என்று யாரும் பெயர் சூட்டாவிட்டாலும், மெதுவாக வாசிப்பவருக்கு இந்த எண் பேசும்.

வீட்டிலேயே இன்னொரு சான்றும் தயாரிக்கலாம். மாதிரித் தேர்வை நீல மையில் எழுதத் தொடங்குங்கள். வழக்கமான நேரம் முடிந்ததும் சிவப்புக்கு மாறி முடித்துவிடுங்கள். நீலத்தில் 60க்கு 38 கேள்விதான் முடிந்திருந்து, சிவப்பில் எழுதியவை பெரும்பாலும் சரியாக இருந்தால், தடை பாடத்தில் இல்லை, நேரத்தில்தான் என்பது தெரியும். சிவப்பிலும் தவறுகளே அதிகம் என்றால் நேரம் கேட்பதோடு பாடத்தையும் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் தேர்வுத் தேதியை உறுதிசெய்யும் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். சாதாரண இடத்தைப் பதிவு செய்துவிட்டால், அப்புறம் மாற்றுவது பெரிய அலைச்சல். ஒப்புதல் வந்ததும் என்னென்ன ஏற்பாடு, எத்தனை நிமிடம் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். அச்சிட்டுத் தேர்வு நாளில் கையோடு கொண்டுபோங்கள். மிச்சமுள்ள பயிற்சி முழுவதையும் அதே நேர அளவிலும் அதே மாதிரிக் குரலிலும் செய்யுங்கள்.