யாழ்ப்பாணத்தில் பாலியல் நோய்க் கிளினிக்: யார் போகலாம், என்ன நடக்கும், எப்போது போகவேண்டும்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இயங்கும் அரச கிளினிக்குகளில் இதுவும் ஒன்று. இங்கே பரிசோதனை, மருந்து, ஆலோசனை, ஆணுறை எல்லாம் இலவசம். வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை. கலியாணம் ஆகியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 18 வயது கடந்தவரிடம் அம்மா அப்பாவின் சம்மதம் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பலர் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். "அங்க ஆராவது தெரிஞ்ச ஆக்கள் இருந்தா?" என்ற பயம்தான் காரணம். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்தப் பயத்தைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆனால் அதனால் தள்ளிப்போகும் நாள்கள்தான் உடம்புக்குக் கேடு. எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆள் கற்பனை, கணக்கு உண்மை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் 22 வயதுப் பொடியன் ஒருவன். மார்ச் 1ஆம் திகதி இரவு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. பல நாளாக மோட்டார்சைக்கிள் சீற்றின் அடியில், வெயிலில் கிடந்த பைக்கற் அது. போதாததற்கு வழுக்கலுக்கென்று தேங்காயெண்ணெய் வேறு பூசியிருந்தான். ஆணுறை லேற்றெக்ஸ் என்ற ரப்பரால் ஆனது. வெயில் அதை உலர்த்திக் கெடுக்கும், எண்ணெய் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வசலின் மூன்றும் ஒன்றுதான். தேவையென்றால் தண்ணீர் கலந்த ஜெல் மட்டும் பாவிக்கவேண்டும், மருந்துக்கடையில் கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் உரசிக் கிழியத்தான் அது வழி.

கிழிந்த அந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலம் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் டொக்டரிடம் போனால், எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தொடங்கலாம். 28 நாள் விடாமல் எடுக்கவேண்டும். எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் தொடங்குவதில்லை. கிளினிக் பூட்டிய நேரமென்றால் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள், விடியட்டும் என்று இருக்கவேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டும், அதுவும் முந்தினால் நல்லது. ஆனால் அது கருவுக்கு மட்டும்தான், தொற்று எதையும் தடுக்காது.

நம் பொடியன் போகவில்லை. மார்ச் 6இல் சலம் போகும்போது எரிவு, உள்ளாடையில் மஞ்சள் கறை. மருந்துக்கடையில் யாரோ சொன்ன அன்டிபயோட்டிக்கை மூன்று நாள் விழுங்கினான். கறை குறைந்தது, எரிவு போகவில்லை. இந்தப் பிழையை மிகப் பலர் செய்கிறார்கள். இப்படி எரிவும் கறையும் வரச்செய்யும் கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு மசியாத கிருமி. அரைகுறை மருந்து அறிகுறியை மறைத்து, பரிசோதனையிலும் கிருமி அகப்படாமல் செய்துவிடும்.

மார்ச் 10 காலை கிளினிக்குக்குப் போகிறான். விசாரிக்கும் இடத்தில் கதை முழுவதும் சொல்லத் தேவையில்லை. "எனக்கு ஒரு சோதனை செய்யவேணும்" என்றால் போதும். உள்ளே ஒரு பதிவு இலக்கம் தருவார்கள், அதன் பிறகு அந்த இலக்கத்தில்தான் எல்லாம் நடக்கும். இங்குள்ள பதிவேடு வைத்தியசாலையின் மற்றப் பதிவுகளோடு சேராமல் தனியாக இருக்கும். ஊர்க்காரர் கண்ணில் படுவோம் என்று மனம் ஒப்பவில்லையென்றால் கிளிநொச்சி, வவுனியா கிளினிக்குகளுக்கும் போகலாம், மாவட்டம் பார்ப்பதில்லை. know4sure.lk என்ற தளத்தில் முதலிலேயே நேரம் பதிவு செய்துகொண்டும் போகலாம்.

டொக்டர் கேட்கும் கேள்விகள்தான் கூச்சமானவை. கடைசியாக எப்போது, ஆணோடா பெண்ணோடா, ஆணுறை போட்டதா, வாய்வழியா, பின்வழியா என்று கேட்பார். தொண்டையிலா, மலவாசலிலா, எங்கிருந்து மாதிரி எடுப்பது என்பது அந்தப் பதில்களைப் பொறுத்தது. பொலிசுக்குப் போகும் கேள்விகள் அல்ல அவை. உண்மையை மறைத்தால் பிழையான இடத்தில் தேடுவார்கள். ஒருநாளில் இதே கதையைப் பலரிடம் கேட்கிறவர் அவர், உங்கள் முகத்தைப் பார்த்து வியக்கமாட்டார். பெண்களுக்கு உள் பரிசோதனை தேவைப்பட்டால் பெண் தாதி பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனையே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஆண்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: போவதற்கு முன் இரண்டு மூன்று மணித்தியாலம் சலம் கழிக்காமல் இருங்கள். கழித்தால் மாதிரி கழுவுப்பட்டுவிடும்.

அவனிடம் எடுத்த கசிவை நுணுக்குக்காட்டியில் பார்த்து, கொனோரியா என்று கண்டு, அன்றே ஊசி போட்டார்கள். மருந்துக்குப் பிறகு ஏழு நாள் உறவு கூடாது, அந்தப் பெண்ணும் வந்து மருந்தெடுக்கவேண்டும். அவளுக்கு எரிவும் இல்லை, கறையும் இல்லை. பெண்களில் பெரும்பாலும் இப்படித்தான், ஒன்றும் தெரியாமலே உள்ளே ஏறிக் கருக்குழாயைப் பாதித்து, பிறகு பிள்ளை தங்காமல் போகலாம். அவளைக் கூப்பிட ஒரு துண்டு கொடுப்பார்கள். என்ன வருத்தம் என்று அதில் எழுதியிருக்காது.

இரத்தமும் எடுத்தார்கள், எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டு இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அது பெரிய பிழை. ஒன்பது நாளில் எடுத்த இரத்தம் மார்ச் 1க்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். உடம்பு கிருமிக்கு எதிராக ஏதாவது செய்து, அது இரத்தத்தில் தெரிய நாள் எடுக்கும். வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் புதிய வகை எச்.ஐ.வி பரிசோதனைக்கு 45 நாள், அதாவது ஏப்ரல் 15. வீட்டில் செய்யும் கிற்றுக்கும் சிபிலிசுக்கும் 90 நாள், மே 30. இடையில் மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு நடந்தால் எண்ணத் தொடங்கும் நாளும் மாறும்.

சிபிலிஸ் இன்னும் ஒரு வகையில் ஏமாற்றும். சுமார் மூன்று கிழமையில் ஒரு புண் வரும். நோகாது, தானாகவே ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான், கிருமி உள்ளேதான் இருக்கும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசி ஒன்றோடு குணமாகும். எச்.ஐ.வி அப்படிக் குணமாகாது. ஆனால் மாத்திரையை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. அந்த மாத்திரையும் அரசாங்கம் இலவசமாகவே தருகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கனடாவுக்கு நிரந்தரமாகப் போக மெடிக்கல் செய்யும்போது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக இந்தப் பரிசோதனையைச் சந்திப்பது அங்கேதான். கலியாணமும் பேசி, ரிக்கற்றும் கனவாயிருக்கும் நேரம் அது. அதற்கு ஒரு வருடம் முன்னமே, யாரும் கேட்காத ஒரு காலை வேளையில் கிளினிக்குக்குப் போய் அறிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

நம் பொடியன் ஏப்ரல் 15 காலை அதே பதிவு இலக்கத் துண்டோடு மறுபடி வரவேண்டும். சித்திரை வருடப்பிறப்புக்கு வீட்டுக்குப் போனால் திகதி மறந்துவிடும் என்று தாதி சொல்ல, போனில் அலாரம் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தான்.